140 பக்க ஆய்வறிக்கையை இயக்குநர்களுக்கான இரண்டு பக்கக் குறிப்பாக்குவது எப்படி: ஒரு கட்டிட ஆய்வை வைத்து முழுமையான வழிகாட்டி

ஆலோசகர் தந்த 140 பக்க அறிக்கை மேஜையில் இருக்கிறது. பத்து நாளில் இயக்குநர் குழுக் கூட்டம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி கூட்ட அறிவிப்பு குறைந்தது 7 நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். விவாதப் பொருள் பற்றிய குறிப்பும் அதனுடன் போவதுதான் முறை. ஆக, அறிக்கையைப் படித்துச் சுருக்கி எழுத மூன்று நாள் இருக்கிறது. அந்த அவசரத்தில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: அறிக்கையின் முதலில் இருக்கும் சுருக்கத்தை எடுத்து, நான்கு கலைச்சொல்லை எளிமையாக்கி, குறிப்பு என்று அனுப்பிவிடுவது.

அந்தச் சுருக்கத்தில் அளந்து கண்டது, அதிலிருந்து ஆலோசகர் ஊகித்தது, அவர் செய்யச் சொல்வது மூன்றும் ஒரே வாக்கியத்தில் பிசைந்து கிடக்கும். உண்மை ஒரு பக்கம், பரிந்துரை ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது போதாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கணிப்புதான் சிக்கலான பகுதி. பரிந்துரையை இயக்குநர்கள் கேள்வி கேட்பார்கள். உண்மையைச் சரிபார்க்கச் சொல்வார்கள். கணிப்பு மட்டும் உண்மையின் உடையைப் போட்டுக்கொண்டு யாரும் கேட்காமல் உள்ளே போய்விடும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகாமல் ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 1980களில் கட்டிய இரண்டு மாடி நூற்பாலைக் கட்டிடம். 96 கான்கிரீட் தூண்கள். மேல்தளத்தில் ரிங் ஃப்ரேம்கள் என்ற நூற்பு இயந்திரங்கள் ஓடுகின்றன. மேற்குச் சுவரை ஒட்டி, ஆலைக் காற்றில் ஈரப்பதம் ஏற்றும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட். அங்கே எப்போதும் ஈரம். சில தூண்களில் மேல்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்ததால் கட்டமைப்பு ஆய்வுக்கு ஆளை அமர்த்தினார்கள். ஆலையும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆய்வு முறைகளும் வரம்புகளும் நடைமுறையில் உள்ளவை.

அறிக்கையின் முதல் பக்கச் சுருக்கம் இப்படிச் சொல்கிறது: "தூண்களில் பரவலாகத் துருப்பிடிப்பு உள்ளது. கான்கிரீட்டின் வலிமை வடிவமைப்பு அளவைவிடக் குறைந்துள்ளது. கட்டிடத்தின் ஆயுளை 20 ஆண்டு நீட்டிக்க 96 தூண்களுக்கும் உடனடியாக ஜாக்கெட்டிங் செய்ய வேண்டும். உத்தேசச் செலவு ரூ. 1.92 கோடி." ஜாக்கெட்டிங் என்றால் பழைய தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போட்டு வலுவாக்குவது.

1. பின்னாலிருந்து படியுங்கள்

சுருக்கத்தைக் கடைசியில் படிக்க வேண்டும். முதலில் படித்தால் அதன் முடிவு மனதில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மீதிப் பக்கங்களில் அதற்கான ஆதாரம்தான் கண்ணில் படும்.

முதலில் பார்க்க வேண்டியது பணியின் எல்லையும் வரையறைகளும். எத்தனை தூண் சோதிக்கப்பட்டது, எங்கே போக முடியவில்லை, எந்த வரைபடம் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நம் அறிக்கையில் 11ஆம் பக்கத்தில் ஒரு வரி: இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் 96 தூண்களில் 24 மட்டுமே சோதிக்கப்பட்டன. "பரவலாக" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

அடுத்து பின்னிணைப்புகள். சோதனை அட்டவணைகள், படங்கள், படங்களுக்குக் கீழே இருக்கும் குறிப்புகள். தளத்துக்குப் போன இளம் பொறியாளர் கண்டதைக் கண்டபடி எழுதியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். நம் அறிக்கையின் 97ஆம் பக்கத்தில் சி-14 என்ற தூணை உடைத்துப் பார்த்த படம் இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில்: "25 மி.மீ. கம்பி, மீதி விட்டம் 20 மி.மீ." இது முதல் பக்கச் சுருக்கத்தில் இல்லை. உரைப்பகுதியிலும் இல்லை.

கேட்பதற்கு ஐந்தில் ஒரு பங்குதான் போனது போலத் தோன்றும். ஆனால் கம்பியின் பலம் அதன் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20-ன் வர்க்கம் 400, 25-ன் வர்க்கம் 625. அதாவது அந்த இடத்தில் கம்பியின் 36 சதவீதம் இல்லை. 140 பக்கத்தில் இயக்குநர்கள் முதலில் அறிய வேண்டியது இதுவாகக்கூட இருக்கலாம். சுருக்கத்தை மட்டும் எடுத்து எழுதியிருந்தால் இது அவர்கள் கண்ணுக்கே வந்திருக்காது.

2. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று கூடையில் ஒன்றில் போடுங்கள்

ஒரு தாளிலோ எக்செல்லிலோ நான்கு நெடுவரிசை போதும்: பக்க எண், அறிக்கையின் வாக்கியம் அப்படியே, வகை, என் கேள்வி. வாக்கியத்தை நம் சொல்லில் மாற்றி எழுதிவிட்டு வகைப்படுத்தக் கூடாது. மாற்றும்போதே வகை மாறிவிடும்.

வகைப்படுத்த எனக்கு உதவும் கேள்விகள் இரண்டு. வேறொருவர் நாளைக்கே அதே கருவியோடு அதே இடத்துக்குப் போனால் ஏறக்குறைய இதே விடை வருமா? வரும் என்றால் உண்மை. இதே அளவுகளை வைத்துக்கொண்டு தகுதியான இன்னொரு பொறியாளர் வேறு மாதிரி சொல்ல இடமிருக்கிறதா? இருந்தால் கணிப்பு. யாரோ ஏதோ செய்ய வேண்டும் என்று வந்தால் அது பரிந்துரை. அதற்குக் கேள்வியே தேவையில்லை.

தடுமாற வைப்பது வேடம் போட்ட வாக்கியங்கள். "தூண்கள் மோசமான நிலையில் உள்ளன" என்பது கண்டறிந்தவை என்ற தலைப்பின் கீழ் இருக்கும், ஆனால் கணிப்பு. "தூண்களுக்கு ஜாக்கெட்டிங் தேவைப்படுகிறது" என்பதும் அதே தலைப்பின் கீழ் இருக்கும், ஆனால் பரிந்துரை. தலைப்பைப் பார்த்து வகைப்படுத்தினால் இரண்டிலும் ஏமாந்துபோவோம்.

நம் சுருக்கத்தின் முதல் வாக்கியத்தையே பிரித்துப் பார்க்கலாம். "பரவலாகத் துருப்பிடிப்பு உள்ளது" என்பதற்குப் பின்னால் இருப்பது ஹாஃப் செல் சோதனை. கம்பியில் ஒரு முனையை இணைத்து, கான்கிரீட்டின் மேல் தாமிர சல்பேட் கருவியை வைத்து மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் அளப்பார்கள். கழித்தல் 350-ஐத் தாண்டிக் கீழே போனால், அளந்த நேரத்தில் அந்த இடத்தில் துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு என்று கொள்வது வழக்கம். கழித்தல் 200-க்கும் 350-க்கும் இடையில் உறுதியாகச் சொல்ல முடியாது.

அட்டவணையில் 24 தூண்களில் 9 தூண்கள் அந்த வரம்பைத் தாண்டியிருக்கின்றன. ஒன்பதும் மேற்குச் சுவர் வரிசையில். இது உண்மை. "9 தூண்களில் துருப்பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்" என்பது நல்ல ஆதாரமுள்ள கணிப்பு. "பரவலாக" என்பது ஆதாரமில்லாத கணிப்பு. ஏனென்றால் மற்ற 15 தூண்களில் அப்படி இல்லை, 72 தூண்களைப் பற்றித் தெரியாது.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஹாஃப் செல் சோதனை துரு நடக்கிறதா என்பதற்கான வாய்ப்பைச் சொல்லுமே தவிர, கம்பி எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லாது. மேலும், நீர் ஊறிய கான்கிரீட்டில் துரு இல்லாமலும் ரீடிங் மிகக் கீழே போகலாம். நம் ஒன்பது தூண்களும் ஈரமான வரிசையில் இருப்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஒன்பதில் மூன்றை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள், மூன்றிலும் துரு இருந்தது. ஆகவே அந்த மூன்றில் சந்தேகம் இல்லை. குறிப்பில் "9 தூண்களில் அறிகுறி, அவற்றில் 3-ல் நேரில் கண்டது" என்று எழுதினால் அதுதான் சரியான அளவு.

இரண்டாவது வாக்கியம்: "வலிமை குறைந்துள்ளது." வரைபடத்தில் எம்20 கான்கிரீட், அதாவது சதுர மி.மீ.-க்கு 20 நியூட்டன் வலிமை. தூண்களில் துளையிட்டு உருளை வடிவில் ஆறு கோர் மாதிரி எடுத்து உடைத்ததில் 15.4, 16.2, 17.5, 18.1, 18.8, 19.6 வந்திருக்கின்றன. சராசரி 17.6. எல்லாமே 20-க்குக் கீழே, ஆக வாக்கியம் பொய்யில்லை. ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதியில், கோர் சோதனையின் சராசரி, குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதமும், எந்த ஒரு மாதிரியும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம் என்று இருக்கிறது. எம்20-க்கு அது 17-ம் 15-ம். இரண்டையும் இந்த மாதிரிகள் தாண்டுகின்றன.

அதற்காக "கான்கிரீட் நன்றாக இருக்கிறது" என்று நாம் எழுதிவிடக் கூடாது. அந்த விதி முதன்மையாகப் புதுக் கட்டுமானத்தை ஏற்பதற்கானது. 40 ஆண்டுக் கட்டிடத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது பொறியாளரின் வேலை. சுருக்கம் எழுதுபவர் ஆலோசகரை மறுத்துப் பேசத் தொடங்கினால், ஒரு கணிப்புக்குப் பதில் இரண்டு கணிப்பு இருக்கும். இரண்டாவதற்குப் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். இது நான்காவது நெடுவரிசையில் கேள்வியாகப் போக வேண்டும்.

3. பரிந்துரையிலிருந்து உண்மைக்குக் கயிறு கட்டுங்கள்

இப்போது ஒவ்வொரு பரிந்துரையையும் எடுத்து, எந்தக் கணிப்பின் மேல் நிற்கிறது, அந்தக் கணிப்பு எந்த அளவுகளின் மேல் நிற்கிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். மூன்று விதமான ஓட்டை தெரியும்.

ஆதாரத்தைவிடப் பெரிய பரிந்துரை முதல் வகை. 9 தூண்களுக்குத்தான் ஆதாரம், ஜாக்கெட்டிங் 96-க்கு. 1.92 கோடி என்பது தூணுக்கு 2 லட்சம் வீதம் 96 தூண். ஒன்பதுக்கு மட்டும் என்றால் 18 லட்சம். இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட தூரம் சோதிக்காத 72 தூண்களையும், சோதித்து அறிகுறி தென்படாத 15 தூண்களையும் பற்றியது. அதை இயக்குநர்கள் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

பரிந்துரையே இல்லாத உண்மை இரண்டாவது வகை. சி-14-ன் கம்பி. அதைப் பற்றி அறிக்கை எதையும் செய்யச் சொல்லவில்லை.

மூன்றாவது, நடுவில் அறுந்த கயிறு. "20 ஆண்டு ஆயுள்" எங்கிருந்து வந்தது? 140 பக்கத்தில் அதற்கான கணக்கு இல்லை. ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்டிலிருந்து கசியும் தண்ணீரை நிறுத்தாமல் தூணுக்கு மேல் புதுக் கான்கிரீட் சுற்றினால் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதும் இல்லை. கசிவைப் பற்றி ஒரே ஒரு வரி 31ஆம் பக்கத்தில் வருகிறது, பரிந்துரைப் பட்டியலில் கடைசியில் நிற்கிறது, செலவு மதிப்பீட்டில் இல்லவே இல்லை.

4. ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள்

தொலைபேசியில் கேட்டால் விளக்கம் கிடைக்கும், ஆனால் குறிப்பில் சேர்க்க ஒன்றும் கிடைக்காது. ஐந்தாறு கேள்விக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுங்கள். நம் அறிக்கைக்கு நான் அனுப்பக்கூடியவை இவை:

பக்கம் 97: சி-14-ல் கண்ட தேய்மானத்தை வைத்து அந்தத் தூணின் தாங்குதிறனைக் கணக்கிட்டீர்களா? பழுதுபார்க்கும்வரை மேல்தளத்தில் ரிங் ஃப்ரேம்கள் ஓடலாமா? முட்டு கொடுக்க வேண்டுமா? பக்கம் 11: சோதிக்காத 72 தூண்களுக்கும் ஜாக்கெட்டிங் பரிந்துரைக்க அடிப்படை என்ன? அவற்றையும் சோதிக்க எவ்வளவு நாள், எவ்வளவு செலவு? பக்கம் 58: கோர் முடிவுகளை எந்த அளவுகோலின்படி மதிப்பிட்டீர்கள்? பக்கம் 3: 20 ஆண்டு என்பதன் கணக்கு எங்கே? பக்கம் 31: கசிவை முதலில் நிறுத்தாமல் ஜாக்கெட்டிங் செய்தால் என்ன ஆகும்?

இவற்றில் ரிங் ஃப்ரேம் பற்றிய கேள்விதான் எல்லாவற்றிலும் அவசரம். "இப்போது பயன்படுத்துவது பாதுகாப்பா" என்பதற்கு அறிக்கை வாய் திறக்கவில்லை என்றால், அந்த மௌனத்தையே இயக்குநர்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற ஊரில் சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் குடியிருப்பு இருந்தது. 2018 அக்டோபரில் பொறியாளர் ஒருவர் குடியிருப்போர் சங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். நீச்சல் குளத் தளத்தின் நீர்த்தடுப்பு செயலிழந்து, கீழே உள்ள கான்கிரீட் தளத்துக்குப் பெரிய கட்டமைப்புச் சேதத்தை உண்டாக்குகிறது, விரைவில் மாற்றாவிட்டால் சேதம் வேகமாகப் பெருகும் என்று அதில் இருந்தது. உடனடியாக இடியும் அபாயம் என்றோ, ஆட்களை வெளியேற்றுங்கள் என்றோ இல்லை. அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், கட்டிடம் நல்ல நிலையில் இருப்பதாக ஊர் அதிகாரி ஒருவர் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பெரிய பழுதுபார்ப்பு வேலை தள்ளிக்கொண்டே போனது. 2021 ஜூன் 24-ல் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அந்த நீர்த்தடுப்புதான் முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆராய்ந்தவர்கள் வடிவமைப்பிலேயே குறைகள் கண்டார்கள். ஆனால் குழுவில் இருந்தவர்கள் முன்னால் ஒரு கடுமையான வாக்கியமும், ஓர் ஆறுதலான வாக்கியமும் இருந்தன. "இன்று இதில் குடியிருக்கலாமா" என்ற கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் அந்த அறிக்கையில் இல்லை.

5. இரண்டு பக்கத்தை எழுதும் முறை

வரிசை முக்கியம். முடிவு செய்ய வேண்டியது என்ன என்பதை முதல் மூன்று வரியில் வையுங்கள். அப்புறம் கண்டவை, அதன் பின் ஆலோசகர் அதிலிருந்து கொள்ளும் கருத்து, அவர் பரிந்துரைப்பவை, தெரியாதவை, கடைசியில் நிர்வாகத்தின் கருத்து. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு. நிர்வாகத்தின் கருத்தை ஆலோசகரின் பரிந்துரையோடு கலந்துவிட்டால், பின்னால் யார் எதைச் சொன்னார்கள் என்று யாராலும் பிரிக்க முடியாது.

ஆலோசகர் பதில் அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்: சி-14-க்கும் பக்கத்துத் தூண்களுக்கும் முட்டு கொடுக்கும்வரை அந்தப் பகுதி ஃப்ரேம்களை நிறுத்தி வைக்க வேண்டும், மீதி 72 தூண்களை மூன்று வாரத்தில் சோதிக்கலாம், 20 ஆண்டு என்பது அனுபவத்தில் சொன்னது. குறிப்பின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி வரும்:

> கண்டவை. 96 தூண்களில் 24 சோதிக்கப்பட்டன (பக். 11). அவற்றில் 9-ல் துருப்பிடிப்புக்கான அறிகுறி வலுவாக உள்ளது, ஒன்பதும் மேற்குச் சுவர் வரிசை (பக். 64). 3 தூண்கள் உடைத்துப் பார்க்கப்பட்டன, மூன்றிலும் துரு. சி-14-ல் ஒரு கம்பியின் குறுக்குப் பரப்பில் 36 சதவீதம் தேய்ந்துள்ளது (பக். 97-ன் அளவிலிருந்து கணக்கிட்டது).
>
> ஆலோசகரின் கருத்து. துருவுக்கு முக்கியக் காரணம் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்டின் கசிவு. சோதிக்காத தூண்களிலும் பாதிப்பு இருக்கக்கூடும். ஜாக்கெட்டிங் செய்தால் 20 ஆண்டு தாங்கும். இது அனுபவ அடிப்படையிலான மதிப்பீடு, கணக்கீடு இல்லை என்று கடிதத்தில் தெரிவித்துள்ளார்.
>
> பரிந்துரை. (அ) முட்டு கொடுக்கும்வரை சி-14 பகுதியில் ஃப்ரேம்களை நிறுத்துவது. (ஆ) கசிவை நிறுத்துவது, மதிப்பீடு தரப்படவில்லை. (இ) 96 தூண்களுக்கும் ஜாக்கெட்டிங், ரூ. 1.92 கோடி.
>
> தெரியாதவை. 72 தூண்களின் நிலை. கசிவு நிற்காவிட்டால் ஜாக்கெட்டிங் எவ்வளவு காலம் தாங்கும்.

மில்லிவோல்ட் என்ற சொல்லே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இயக்குநர்களுக்கு அந்த எண் வேண்டாம், அது எதைக் காட்டுகிறது என்பது வேண்டும். ஆனால் எளிமையாக்கும்போது வலுவை ஏற்றவோ இறக்கவோ கூடாது. "90 சதவீத வாய்ப்பு" என்பது "90 சதவீதம் துருப்பிடித்துவிட்டது" என்று ஆகிவிடுவதை நிறையக் குறிப்புகளில் பார்க்கலாம். நாமே கணக்கிட்ட எண் ஒன்று இருந்தால், 36 சதவீதம் போல, அது நம் கணக்கு என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று: ஆலோசகரின் கட்டணம் பழுதுபார்க்கும் வேலையின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால், ஒரு வரியில் அதைக் குறிப்பிடுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம், தகவலாக.

6. அனுப்பும் முன் சரிபார்த்தல்

"கண்டவை", "ஆலோசகரின் கருத்து" இரண்டையும் மட்டும் ஆலோசகருக்கு அனுப்பி, தான் சொன்னதைச் சரியாகச் சொல்லியிருக்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். நிர்வாகத்தின் கருத்தை அவருக்குக் காட்ட வேண்டியதில்லை. அவர் "பரவலாக" என்ற சொல்லைத் திரும்பச் சேர்க்கச் சொன்னால் சேர்க்கலாம், ஆனால் கருத்துப் பகுதியில், அவர் பெயரில்.

அப்புறம், அறிக்கையைப் படிக்காத ஒருவரிடம், கணக்குப் பிரிவில் இருப்பவர் மாதிரி, குறிப்பைக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை தூணில் பிரச்சினை உறுதியாகத் தெரியும்? இப்போது ஆலையை ஓட்டலாமா? குழு எதற்கு ஒப்புதல் தர வேண்டும்? "96 தூணிலும் பிரச்சினை" என்று முதல் கேள்விக்குப் பதில் வந்தால், எங்கோ பரிந்துரை உண்மைப் பகுதிக்குள் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

சி-14 விஷயத்துக்கு மட்டும் கூட்டம்வரை காத்திருக்கக் கூடாது. ஆலோசகரின் பதில் வந்த அன்றே நிர்வாக இயக்குநரிடமும் ஆலை மேலாளரிடமும் சொல்லி, ஃப்ரேம்களை நிறுத்தி, முட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, செய்ததைக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.

கூட்டத்தில் குழு (அ)-வையும் (ஆ)-வையும் ஏற்று, (இ)-யில் ஒன்பது தூண்களுக்கு மட்டும் இப்போது ஒப்புதல் தந்து, மீதியைச் சோதனை முடிவு வந்தபின் பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். நடவடிக்கைக் குறிப்பில் "அறிக்கை ஏற்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதாமல், எந்தப் பரிந்துரை ஏற்கப்பட்டது, எது தள்ளிவைக்கப்பட்டது, எந்தத் தேதிவரை என்று தனித்தனியாக எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து 72 தூண்களின் முடிவு வரும்போது முதலில் கண்டவை பகுதியைத் திருத்துங்கள். மற்ற பகுதிகளில் எது மாற வேண்டும் என்பது, கட்டிவைத்த கயிறுகளைப் பிடித்துப் போனாலே தெரிந்துவிடும்.